வேலைக்கு முன்னால் ஓடும் பணம்

நெய்வேலி நகரியத்தின் நிறுவனக் குடியிருப்பில் பணிக்காலம் முழுவதும் வாழ்ந்த என் நண்பர் ஒருவர், ஓய்வு பெறுவதற்கு ஓராண்டுக்கு முன் திருவதிகையில் தமது மனையில் வீடு கட்டத் தொடங்கினார். ஓய்வு பெற்றால் குடியிருப்பைக் காலி செய்தாக வேண்டும். எட்டு மாதங்களில் சாவியைத் தருவதாக ஒப்பந்ததாரர் கூறினார். பதினைந்தாவது மாதத்தில், தளம் போட்டதோடு நின்றுபோன வீட்டின் முன்னால் நின்றுகொண்டு நண்பர் என்னிடம் ஒப்பந்தப் பத்திரத்தை நீட்டினார். "சார், கேட்டபோதெல்லாம் பணம் கொடுத்தேனே, பிறகு ஏன் வேலை நிற்கிறது?" என்றார். கேட்டபோதெல்லாம் பணம் கொடுத்ததால்தான் வேலை நின்றது என்று அவரிடம் சொல்வது எளிதாக இல்லை.

முத்திரைத்தாளில் இரண்டு பக்கம் எழுதப்பட்டிருந்த ஒப்பந்தம் அது. ஆயிரம் சதுர அடி, சதுர அடிக்கு 2,400 ரூபாய், மொத்தம் 24 லட்சம் ரூபாய். கையெழுத்தானதும் 20 சதவீதம், பேஸ்மட்டம் முடிந்ததும் 20, லிண்டல் மட்டத்தில் 20, தளம் போட்டதும் 25, பூச்சு வேலைக்கு 10, சாவி தரும்போது 5 என்று தவணைகள் பிரிக்கப்பட்டிருந்தன. பார்வைக்கு ஒழுங்கான பட்டியல்தான். ஆனால், தளம் போட்ட நாளில் அவர் கொடுத்து முடித்திருந்தது 85 சதவீதம், அதாவது 20 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்.

அதே வீட்டை வேறொரு பொறியாளரைக் கொண்டு மதிப்பிட்டோம். தளம் வரை நடந்த வேலையின் மதிப்பு ஒப்பந்தத் தொகையில் 55 சதவீதம், அதாவது 13 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் என்றார். சுவர் எழுந்து தளம் மூடியதும் வீடு முடிந்துவிட்டதுபோல் நமக்குத் தோன்றும். பூச்சு, மின் இணைப்பு, குழாய், டைல்ஸ், கதவு, ஜன்னல், வண்ணப்பூச்சு என்று செலவில் ஏறக்குறையப் பாதி அதற்குப் பிறகுதான் வருகிறது. அந்தக் கணக்கில் மீதமிருந்த வேலையின் மதிப்பு 10 லட்சத்து 80 ஆயிரம்; ஒப்பந்ததாரருக்கு வரவேண்டிய பாக்கியோ 3 லட்சத்து 60 ஆயிரம் மட்டுமே.

இப்போது ஒப்பந்ததாரரின் இடத்திலிருந்து பார்ப்போம். இந்த வீட்டை முடித்தால் அவருக்கு 7 லட்சம் ரூபாய்க்கு மேல் கையிலிருந்து போகும். வேறோரிடத்தில் புதிய வேலை எடுத்தால் முன்பணம் கிடைக்கும். அவர் கெட்ட எண்ணம் கொண்டவராக இருக்க வேண்டிய தேவையே இல்லை. நம் பணத்தில் முந்தைய வீட்டை முடிப்பவராக இருந்தாலே போதும், நம் வீட்டை முடிக்க அடுத்தவர் பணத்துக்காகக் காத்திருப்பார்.

எனவே, ஒவ்வொரு தவணைக்கு முன்பும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒப்பந்ததாரர் நாளை வராமல் போனால், என் கையில் மீதமிருக்கும் தொகையைக் கொண்டு இன்னொரு மேஸ்திரியால் வீட்டை முடிக்க முடியுமா? அப்படி முடியும் வகையில் தவணைகளை அமைக்கலாம். முன்பணம் 5 சதவீதம், பேஸ்மட்டம் 15, லிண்டல் 15, தளம் 20, பூச்சும் மின்குழாய் வேலைகளும் 20, தரை, கதவு, வண்ணம் 15, சாவி தரும்போது 5, ஓராண்டு கழித்து 5. இதில் தளம் முடியும்போது 55 சதவீதமே போயிருக்கும். வேலையும் அந்த அளவுக்கு நடந்திருக்கும்.

சிறிய ஒப்பந்ததாரரிடம் கைமுதல் இருக்காது என்பது உண்மை. அதற்காக முன்பணத்தைக் கூட்டுவதைவிட, தவணைகளைச் சிறிதாக்கி எண்ணிக்கையைக் கூட்டலாம். சிமென்ட்டையும் கம்பியையும் நாமே வாங்கிக் கொடுத்துக் கணக்கில் கழிக்கலாம். நிலையின் முடிவு எது என்பதையும் எழுத வேண்டும். என் நண்பர் கான்கிரீட் போட்ட அன்று மாலையே தளத் தவணையைக் கொடுத்துவிட்டார். நீராற்றல் முடிந்து, சென்ட்ரிங் பிரித்து, அடிப்பக்கத்தில் கம்பி வெளியே தெரிகிறதா, தேன்கூடுபோலப் பொந்துகள் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அந்தத் தவணை உரியதாகும்.

ஓராண்டு நிறுத்திவைக்கும் 5 சதவீதம், அதாவது இந்த வீட்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய், குறைபாட்டுப் பொறுப்புக்கான பிணை. குறைபாட்டுப் பொறுப்புக் காலம் ஆறு மாதம் போதும் என்று சிலர் எழுதுகிறார்கள். கடலூர் மாவட்டத்தின் பெருமழை வடகிழக்குப் பருவத்தில் வருவது. சனவரியில் சாவி வாங்கினால், ஆறு மாதப் பொறுப்பு மழையைப் பார்க்காமலேயே முடிந்துவிடும். தளக்கசிவும் சுவர் ஓதமும் தெரிவது அக்டோபருக்குப் பிறகுதான். ஆகவே, 12 மாதங்கள் வேண்டும். சாவி பெற்ற தேதியை இருவரும் கையெழுத்திட்டுக் குறிக்க வேண்டும்.

பூச்சில் தோன்றும் மயிரிழை விரிசல் பெரும்பாலும் ஈரம் காய்வதால் வருவது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலைக் கவனிக்க வேண்டும். அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதியைக் குறித்து, சில வாரங்களில் அது கோட்டைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் பொறியாளரை அழைப்பது நல்லது.

கட்டமைப்புக் குறைபாட்டுக்கு ஐந்தாண்டுப் பொறுப்பு உண்டு என்று 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தை நம்பிச் சிலர் பேசுகிறார்கள். அந்தச் சட்டம் கட்டி விற்பவரைக் கட்டுப்படுத்துவது. சொந்த மனையில் ஒப்பந்ததாரரை வைத்துக் கட்டுபவருக்கு அது உதவாது. அந்த ஐந்தாண்டை ஒப்பந்தத்தில் நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

தாமதத்துக்கு வருவோம். நண்பரின் ஒப்பந்தத்தில் 'சுமார் எட்டு மாதங்கள்' என்றிருந்தது. தாமதமானால் என்ன என்பது இல்லை. நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று எழுதியிருந்தாலும் அவ்வளவும் கிடைத்துவிடாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி, எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. நியாயமான இழப்பீட்டையே நீதிமன்றம் வழங்கும். ஆகவே, நாம் கொடுக்கும் வீட்டு வாடகையை ஒட்டி வாரத்துக்கு இவ்வளவு என்று எழுதுவதே நிற்கும். மழை நாள்களுக்கும், நாம் கேட்கும் மாற்றங்களுக்கும் எத்தனை நாள் கூடுதல் என்பதையும் அவ்வப்போது எழுதிக் கையெழுத்திட வேண்டும். நண்பர் இடையில் சமையலறையை மாற்றச் சொன்னதையே ஒப்பந்ததாரர் பின்னாளில் தாமதத்துக்குக் காரணமாகக் காட்டினார்.

இதே சட்டத்தின் 55-ஆவது பிரிவு பலரும் அறியாதது. தவணை தவறி முடித்த வேலையை எதுவும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டால், தாமதத்துக்கான இழப்பீட்டைப் பிறகு கேட்க முடியாது. ஏற்கும் நேரத்திலேயே அந்த எண்ணத்தைத் தெரிவித்தாக வேண்டும். புதுமனை புகுவிழா மகிழ்ச்சியில் சாவியை வாங்கும்போது, 'தாமதத்துக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன்' என்று ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டும்.

என் நண்பர் வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பிய பின், கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட்டிருக்கிறார். வீடு கட்டித் தருவது நுகர்வோர் சட்டத்தின் கீழ் சேவையாகும். குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். கொடுத்த தொகைக்கான வங்கிப் பதிவுகள், தேதியிட்ட புகைப்படங்கள், பொறியாளரின் மதிப்பீடு ஆகியவையே அவர் கையிலுள்ள சான்றுகள். ரொக்கமாகக் கொடுத்த இரண்டு தவணைகளுக்கு ரசீது இல்லை.

இதற்கிடையில் வேறொரு மேஸ்திரி பூச்சு வேலையைத் தொடங்கியிருக்கிறார். குறைந்த 7 லட்சத்து 20 ஆயிரத்தை, ஓய்வுக்கால வைப்பிலிருந்து நண்பர் எடுத்துவருகிறார். இம்முறை, ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வாரம் முடிந்த வேலையை அளந்த பிறகே பணம் தருகிறார்.

(கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர், ஓய்வு)