புரதச் சங்கிலியும் சென்னை வரைபடமும்

நம் தோலுக்கும் தசைநாணுக்கும் எலும்புக்கும் உறுதி அளிக்கும் புரதம் கொல்லாஜென் என்பதாகும். இப்புரதத்தின் அமைப்பைப் பற்றி எழுந்த ஒரு வழக்கிலிருந்து, உலகின் புரத ஆராய்ச்சிக்கூடங்கள் அனைத்திலும் இன்று பயன்படும் ஓர் உரைகல் தோன்றிய வரலாற்றையே இங்குச் சொல்லப் போகிறேன். அவ்வுரைகல் தோன்றிய இடம் சென்னைப் பல்கலைக்கழகம்.

1952 ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைக்குத் தலைவராக வந்தவர் ஜி. என். இராமச்சந்திரன். சர் சி. வி. இராமனின் மாணவர், அப்போது அவருக்கு ஏறத்தாழ முப்பது வயது. அவரும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்து, கொல்லாஜென் என்பது மூன்று சங்கிலிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட முப்புரிக் கயிறு என்று 1954 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மறு ஆண்டே அதைத் திருத்தி, மூன்று புரிகளும் சேர்ந்து மேலும் ஒருமுறை முறுக்கேறியிருப்பதாகக் காட்டினர். அச்சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது அலகும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலமாக இருப்பதன் காரணமும் அப்போது விளங்கிற்று. கயிற்றின் நடுவில் வேறெந்த அமினோ அமிலத்துக்கும் இடமில்லை.

அதே 1955 ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜிலிருந்து ஃபிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச் ஆகிய இருவர் மறுப்பு எழுப்பினர். முப்புரி என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டனர். ஆனால் மூன்று அலகுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று சென்னையார் கூறியதை ஏற்கவில்லை. ஒன்றுதான் இருக்கமுடியும் என்றனர். இரண்டு பிணைப்புகளுக்கு இடம் தரவேண்டுமானால் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கவேண்டியிருக்கிறது என்பது அவர்கள் காட்டிய காரணம்.

‘அளவுக்கு மீறி’ என்றால் எந்த அளவு? இராமச்சந்திரனின் உள்ளத்தில் தைத்த கேள்வி இதுவே. ஒன்றோடொன்று பிணைக்கப்படாத இரண்டு அணுக்கள் எவ்வளவு அருகில் வரலாம் என்பதற்கு அந்நாளில் அனைவரும் ஒப்புக்கொண்ட அட்டவணை எதுவும் இல்லை. அவரும் வி. சசிசேகரனும் அதுவரை வெளிவந்திருந்த அமினோ அமிலப் படிகங்கள், சிறு பெப்டைடுப் படிகங்கள் ஆகியவற்றின் அளவுகளை ஒவ்வொன்றாகத் திரட்டினர். இதிலிருந்து ஒவ்வோர் அணு இணைக்கும் இரண்டு எல்லைகள் கிடைத்தன. சாதாரணமாக அனுமதிக்கத்தக்க தூரம் ஒன்று. அரிதாகக் காணப்படும் கடைசி எல்லை மற்றொன்று. எடுத்துக்காட்டாக, கார்பனும் ஆக்சிஜனும் 2.8 ஆங்ஸ்ட்ராம் வரை தாராளமாக நெருங்கலாம். கடைசி எல்லை 2.7. இரண்டு கார்பன் அணுக்களுக்கு முறையே 3.2, 3.0. (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு செண்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு.)

இந்த அட்டவணையைப் புரதச் சங்கிலிக்குப் பொருத்துவது எவ்வாறு? இங்கே லினஸ் பாலிங்குக்கு நாம் நன்றி செலுத்தவேண்டும். அமினோ அமிலங்கள் இரண்டை இணைக்கும் பெப்டைடுப் பிணைப்பு சுழல்வதில்லை என்பதையும், அதைச் சூழ்ந்த ஆறு அணுக்களும் ஒரே தளத்தில் தட்டையாகக் கிடக்கின்றன என்பதையும் அவர் வற்புறுத்தி வந்தார். 1950 ஆம் ஆண்டில் பிராக், கெண்ட்ரு, பெருட்ஸ் ஆகிய மூன்று மேதைகள் புரதச் சுருள்கள் பலவற்றை வரைந்தும் சரியான சுருளைத் தவறவிட்டதற்கு, இத்தட்டைத் தன்மையைப் பொருட்படுத்தாததே பெருங்காரணம். பாலிங் 1948 ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டில் ஜலதோஷத்துடன் படுத்திருந்தபோது ஒரு தாளில் சங்கிலியை வரைந்து, மடித்துப் பார்த்து, ஆல்ஃபா சுருளைக் கண்டார். 1951 ஆம் ஆண்டில் அது வெளியாயிற்று.

ஆகவே புரதச் சங்கிலியை, மூலைக்கு மூலை கோத்த சீட்டுக்கட்டுச் சீட்டுகளின் வரிசையாக மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். சீட்டு வளையாது, கோத்த மூலையில்தான் திரும்பும். அம்மூலைதான் ஆல்ஃபா கார்பன். அதன் ஒரு பக்கம் நைட்ரஜனோடு கூடிய பிணைப்பு. அதைச் சுற்றிய திருப்பம் ஃபை எனப்படும். மறுபக்கம் அடுத்த கார்பனோடு கூடிய பிணைப்பு. அதைச் சுற்றிய திருப்பம் சை. ஒவ்வோர் அலகுக்கும் இவ்விரண்டு கோணங்களைச் சொல்லிவிட்டால் சங்கிலியின் வடிவம் முழுவதையும் சொல்லியதாகும்.

இராமச்சந்திரன், சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் ஆகிய மூவரும் செய்தது எளிய எண்ணம், கடின உழைப்பு. இரண்டு சீட்டுகளை ஓர் ஆல்ஃபா கார்பனில் கோத்து, இரு கோணங்களையும் படிப்படியாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் எந்த அணு எந்த அணுவோடு மோதுகிறது என்று கணக்கிட்டனர். பத்துப் பத்துப் பாகையாகத் திருப்புவதாயிருந்தால் 36 தரம் 36, அதாவது 1296 நிலைகள்; ஒவ்வொன்றிலும் பல தூரங்கள். மேசைமேல் வைத்து இயக்கும் கணக்குப் பொறியே அவர்களுக்குத் துணை. கிடைக்கோட்டில் ஃபை, செங்குத்தில் சை என்று கட்டம் வரைந்து, மோதலற்ற நிலைகளை வட்டமிட்டுக் காட்டிய அவ்வரைபடம் 1963 ஆம் ஆண்டில் மூலக்கூற்று உயிரியல் சஞ்சிகையில் வெளிவந்தது. (மூலக் கட்டுரையைப் படிக்கும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கோணத்தை எங்கிருந்து எண்ணுவது என்ற விதி 1970 ஆம் ஆண்டில் மாறிற்று. ஆகவே அதிலுள்ள எண்கள் இன்றைய எண்களோடு ஒத்துவரா.)

கிளைசின் நீங்கலான அமினோ அமிலங்களுக்கு, வரைபடத்தின் பரப்பில் நான்கில் ஒரு பங்குகூட அனுமதிக்கப்படவில்லை. இடப்புறம் கீழே ஒரு தீவு. ஃபை –57, சை –47 என்ற ஆல்ஃபா சுருள் அங்கே இருக்கிறது. இடப்புறம் மேலே ஒரு பெருந்தீவு. சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்து ஹைட்ரஜன் பிணைப்பால் தாள்போல் இணையும் பீட்டா அமைப்பும், கொல்லாஜெனின் புரிகளும் அங்கே வாழ்கின்றன. வலப்புறம் ஒரு சிறு திட்டு. எஞ்சியதெல்லாம் பெரும்பாலும் வெற்றிடம்.

கொல்லாஜென் வழக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். 1994 ஆம் ஆண்டில் கொல்லாஜென் போன்ற ஒரு பெப்டைடின் படிகம் நுட்பமாக ஆராயப்பட்டபோது, மூன்று அலகுக்கு ஒரு நேரான ஹைட்ரஜன் பிணைப்பே காணப்பட்டது. அந்த எண்ணிக்கையில் வெற்றி கேம்பிரிட்ஜுக்கு. முப்புரி என்ற மூலக்கருத்தில் முதன்மை சென்னைக்கு. தோல்வியுற்ற வாதத்திலிருந்து பிறந்த வரைபடமோ வாதத்தைக் காட்டிலும் நீண்ட ஆயுள் பெற்றது!

இனி, வரைபடம் ஒரு பிழையை எப்படிக் காட்டிக்கொடுக்கிறது என்று பார்ப்போம். ஆல்ஃபா சுருளில் ஒரு சுற்றுக்கு 3.6 அலகுகள். ஒவ்வோர் அலகின் ஆக்சிஜனும் நான்கு அலகு தள்ளியுள்ள அலகின் நைட்ரஜனோடு, ஹைட்ரஜன் வழியாகப் பிணைகிறது. ஆகையால் 10 ஆம் அலகின் ஆக்சிஜன் 14 இன் நைட்ரஜனையும், 11 ஆம் அலகின் நைட்ரஜன் 7 இன் ஆக்சிஜனையும் பற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

எக்ஸ் கதிர் ஆராய்ச்சியாளர் சங்கிலியை நேரில் காண்பதில்லை. எலெக்ட்ரான்கள் செறிந்த மேகத்தின் படத்தைக் கண்டு அதற்குள் சங்கிலியைப் பொருத்துகிறார். படத்தின் தெளிவு 3 ஆங்ஸ்ட்ராம் அளவில் இருக்குமானால், சீட்டிலிருந்து ஆக்சிஜன் புடைத்து நிற்பது தெரியாது. அப்போது 10 க்கும் 11 க்கும் இடைப்பட்ட சீட்டை அவர் தலைகீழாகப் புரட்டி வைத்துவிட்டார் என்று கொள்வோம். ஆல்ஃபா கார்பன்கள் அதே இடத்தில்தான் இருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் சுருள் சுருளாகவே தோன்றும்.

ஆனால் சீட்டு புரண்டதும் 10 ஆம் அலகின் சை 180 பாகை மாறுகிறது. 11 ஆம் அலகின் ஃபையும் அவ்வாறே. பத்தாவது அலகு –57, 133 என்ற இடத்துக்குச் செல்கிறது. அது மேல் தீவுக்குள் இருப்பதால் ஐயம் எழாது. குற்றவாளிகளில் ஒருவன் நல்லவர் கூட்டத்தில் கலந்து நிற்கிறான்! பதினொன்றாவது அலகோ 123, –47 என்ற வெற்றிடத்தில் தன்னந்தனியாக நிற்கிறது. அது ஏன் வெற்றிடம்? ஃபை 120 பாகையை நெருங்கும்போது முந்தைய சீட்டின் ஆக்சிஜன், பக்கக் கிளையின் முதல் கார்பனுக்கு நேர் எதிரே வந்துவிடுகிறது. வழக்கமான பிணைப்பு நீளங்களைக் கொண்டு கணக்கிட்டால் இரண்டுக்கும் இடையே சுமார் 2.3 ஆங்ஸ்ட்ராமே இருக்கும். கடைசி எல்லை 2.7 என்று முன்னே சொன்னேன் அல்லவா? அந்த அலகு கிளைசினாக இருந்தால் பக்கக் கிளை இல்லை, இம்மோதலும் இல்லை. அதனால்தான் கிளைசினுக்குத் தனி வரைபடம் வைத்திருக்கிறார்கள்.

ஐயம் எழுந்தபின் இரண்டாம் சாட்சியை அழைக்கவேண்டும். அது ஹைட்ரஜன் பிணைப்பு. புரண்ட சீட்டின் ஆக்சிஜன் இப்போது 7 ஆம் அலகின் ஆக்சிஜனை நோக்குகிறது. எதிர்மின் சார்ந்த இரண்டும் ஒன்றையொன்று விலக்குமே தவிர பிணையமாட்டா. 11 இன் நைட்ரஜன் 14 இன் நைட்ரஜனை நோக்கி நிற்கிறது. சுருளின் நடுவே இரண்டு பிணைப்புகள் ஒருங்கே அறுந்திருக்கின்றன. வெற்றிடத்தில் ஓர் அலகு, அதற்கு முந்திய இடத்தில் அறுந்த பிணைப்பு: இவ்விரண்டும் சேர்ந்து வந்தால் சீட்டு புரண்டிருக்கிறது என்று துணிந்து, திருப்பி வைத்துப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

வெற்றிடத்தில் நிற்பதெல்லாம் பிழை என்று கொள்வதும் தவறு. லிப்பேஸ் முதலிய சில என்சைம்களில், வேதிவினையை நடத்தும் அலகே 60, –120 என்னும் அரிய இடத்தில் முறுகி நிற்கிறது. அடுத்த அலகுகளும் தெளிவான படமும் அதை உறுதி செய்கின்றன. நல்ல அமைப்புகளில் இத்தகைய விலக்குகள் மிகச் சில. நூற்றுக்கு 98 அலகுகள் விரும்பத்தக்க பகுதிகளிலேயே அமைகின்றன.

வரைபடத்தின் கண்ணுக்கு எட்டாத பிழைகளும் உண்டு. சுருள் முழுவதையும் ஓர் அலகு முன்னே தள்ளிப் பொருத்திவிட்டால், ஒவ்வோர் அமினோ அமிலமும் அடுத்ததன் இடத்தில் அமர்ந்திருக்கும். கோணங்களோ பழுதின்றி ஆல்ஃபா தீவில் கிடக்கும். மற்றொன்றையும் சொல்லவேண்டும். இன்றைய கணிப்பொறி நிரல்கள் சில, அமைப்பைத் திருத்தும்போதே அலகுகளை இத்தீவுகளுக்குள் இழுத்துவிட வல்லவை. அவ்வாறு இழுத்தபின் அதே வரைபடத்தைக் காட்டி அமைப்பு சரியென்று சொல்வது, வினாத்தாளை முன்கூட்டியே கொடுத்துவிட்டுத் தேர்வு நடத்துவதைப் போன்றது. ஆகையால் விவரமறிந்தவர்கள் அத்தகைய கட்டாயம் விதிக்கப்பட்டதா என்பதை முதலில் கேட்டுக்கொண்டு, பிறகே வரைபடத்தை விரிக்கிறார்கள்.