இருதுருவ மனநிலைக் கோளாறு: மனநலச் செவிலியர் பணி

இருதுருவ மனநிலைக் கோளாறு என்பது மனநிலை ஒரு காலத்தில் அளவுமீறி எழுந்தும், வேறொரு காலத்தில் ஆழ்ந்த சோர்வில் விழுந்தும், இடைக்காலங்களில் பெரும்பாலும் இயல்பாக இருந்தும் வரும் நோய். எழுச்சிக் காலம் ஒரு வாரமாவது நீடித்தாலோ, அதற்குள்ளேயே மருத்துவமனையில் சேர்க்கும்படி ஆனாலோ அது மேனியா எனப்படும். பொதுவாக 4 நாட்களாவது நீடித்து, ஆளின் வேலையையும் குடும்பத்தையும் அவ்வளவாகக் குலைக்காத மென்மையான வடிவம் ஹைப்போமேனியா. 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்தவர்களில் 0.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் அப்போது இருந்தது. அவர்களில் பெரும்பகுதியினர் சிகிச்சை பெறவில்லை.

தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் முதலில் தொடங்கிய மாவட்டம் திருச்சிராப்பள்ளி. ஆண்டு 1997. ஸ்ரீரங்கம் பகுதியினர் பலர் நாடும் பெரிய அரசு மருத்துவமனை, கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. இந்தக் கட்டுரை ஒரு மாதிரி நோயாளியைப் பின்தொடர்கிறது: ஸ்ரீரங்கத்தில் மாலைக் கடை வைத்திருக்கும் 34 வயது ஆண். அவர் தனியொருவர் அல்ல. வார்டுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் போக்குகளைச் சேர்த்து அமைத்த பயிற்சி எடுத்துக்காட்டு.

மேனியாவை அடையாளம் காணல்

மார்கழி. பகல் பத்து முடிந்து வைகுண்ட ஏகாதசி நெருங்குகிறது. பூ வியாபாரிகளுக்கு இரவும் பகலும் வேலை. நம் கடைக்காரர் இரவில் 3 மணி நேரம்தான் தூங்குகிறார். இதில் மட்டும் சந்தேகப்பட ஒன்றுமில்லை, அந்த வீதிகளில் யாருமே சரியாகத் தூங்குவதில்லை. மனைவி வெளிநோயாளர் பிரிவில் சொன்ன அடுத்த வாக்கியம்தான் முக்கியம்: "சிஸ்டர், மத்தவங்க எல்லாம் தூங்கி வழியறாங்க. இவருக்குக் களைப்பே இல்ல. தூக்கமே வேணாங்குறாரு." தூக்கம் வராமல் தவிப்பவர் மறுநாள் சோர்ந்திருப்பார். மேனியா தொடங்குபவருக்கோ தூக்கத்தின் தேவையே குறைந்துவிடும். செவிலியர் கேட்க வேண்டிய முதல் கேள்வி எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதல்ல, தூங்காத மறுநாள் எப்படி இருந்தார் என்பது. தூக்கக் குறைவு நோயின் அறிகுறி மட்டுமல்ல, அதைத் தூண்டும் காரணமும்கூட. கண்விழிக்கும் திருவிழாக் காலம் இந்நோயாளிகளுக்கு ஆபத்தான காலமாவது இதனால்தான்.

அடுத்த சில நாட்களில் மற்றவை வந்தன. நள்ளிரவு 2 மணிக்கு மொத்த வியாபாரிகளுக்குத் தொலைபேசி. கடையில் விற்கும் அளவைப் போல் பத்து மடங்குப் பூவுக்கு ஆர்டர். மனைவியின் வளையலை அடகு வைத்துக் கிடைத்த பணத்தில் முன்பணம். பேச்சை இடைமறிக்க முடியாத வேகம், ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவல். யாராவது தடுத்தால் சிரிப்பு ஒரு நொடியில் சீற்றமாகிவிடும். மேனியாவை மகிழ்ச்சி என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் இந்தச் சீற்றத்தைக் கண்டு தடுமாறுவார்கள். பல நோயாளிகளிடம் மேலோங்கி நிற்பது எரிச்சல்தான்.

பெருமாள் தன்னிடம் நேரில் பேசி, கோயிலின் மாலைக் கைங்கரியம் முழுவதையும் ஒப்படைத்துவிட்டதாகவும் அவர் சொன்னார். உறவினர்கள் இதை பக்தி முற்றியது என்றார்கள். ஸ்ரீரங்கம் போன்ற ஊரில் செவிலியருக்கு இது உண்மையிலேயே சிக்கலான இடம். பெருமாள் கனவில் வந்தார் என்று சொல்லும் ஆயிரம் பேருக்கு நோய் எதுவும் இல்லை. நம்பிக்கையின் உள்ளடக்கத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. அதனோடு தூக்கம், செலவு, பேச்சின் வேகம் ஆகியவையும் மாறினவா, இந்த ஆள் எப்போதும் இப்படிப் பேசுபவரா, அவர் வழிபடும் வட்டத்தினருக்கே இது விசித்திரமாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இவர் விஷயத்தில் உடன் கைங்கரியம் செய்பவர்களே கவலைப்பட்டார்கள்.

காய்ச்சலும் இடம், நேரம் தெரியாத குழப்பமும் இருந்தால் அது மேனியா இல்லாமல் வேறு உடல்நோயாக இருக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரை, தைராய்டு மிகைப்பு, போதைப்பொருள் ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரும். மனச்சோர்வுக்கான மாத்திரை அண்மையில் தொடங்கப்பட்டதா என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும். இருதுருவ நோயாளியை அது மேனியாவுக்குத் தள்ளக்கூடும்.

வார்டின் பாதுகாப்பு

சேர்த்த முதல் இரவில் செவிலியரின் முதன்மைக் கருவி தூக்க அட்டவணை. மணிக்கு ஒரு முறை பார்த்து, தூங்கினாரா விழித்திருந்தாரா என்று குறிக்க வேண்டும். "இரவு நன்றாகத் தூங்கினார்" என்று மொத்தமாக எழுதும் நைட் ரிப்போர்ட் மருத்துவருக்கு எந்தப் பயனும் தராது. நம் நோயாளி முதல் இரவு 2 மணி நேரம் தூங்கினார், ஐந்தாம் இரவு 5 மணி நேரம். பேச்சு குறையும் முன்பே இந்த எண் உயர்ந்தது. மேனியா இறங்குவதைப் பெரும்பாலும் முதலில் காட்டுவது இதுதான்.

படுக்கை டி.வி.யிலிருந்தும் வாசலிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும். பார்வையாளர்கள் ஒரு நேரத்தில் ஒருவர் போதும். உட்கார்ந்து சாப்பிட அவருக்குப் பொறுமை இராது. தட்டு வைத்துக் காத்திருப்பதைவிட, நடந்துகொண்டே தின்னும்படி இட்லி, வாழைப்பழம், கடலை மிட்டாய் கையில் கொடுப்பது பயன் தரும். தண்ணீர் எவ்வளவு குடித்தார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஓய்வின்றி அலையும் உடல் எளிதில் வறண்டுவிடும், அதே நாட்களில் லித்தியம் தொடங்கினால் அந்த வறட்சி ஆபத்தாகும். கைபேசியையும் வங்கி அட்டையையும் குடும்பத்தாரிடம் ஒப்படைக்க அவரையே சம்மதிக்க வைப்பது நல்லது. வார்டிலிருந்தே பணம் அனுப்பி நஷ்டப்பட்டவர்கள் உண்டு.

வன்முறைக்கு முன்னால் பெரும்பாலும் அறிகுறிகள் தெரியும்: நடை வேகமாகும், கை இறுகும், குரல் உயரும், ஒரே கோரிக்கை திரும்பத் திரும்ப வரும். அப்போது ஒரே செவிலியர் மட்டும், கைக்கெட்டாத தூரத்தில், வெளியேறும் வழியை மறிக்காமல் நின்று, சிறு வாக்கியங்களில் பேச வேண்டும். பெருமாள் பேசியதாகச் சொல்வதை மறுத்து வாதாடுவதும் தவறு, ஆமோதிப்பதும் தவறு. "அண்ணே, நீங்க சொல்றது கேக்குது. இப்ப இந்தத் தண்ணியைக் குடிச்சுட்டு ரெண்டு பேரும் வராந்தாவுல நடக்கலாமா?" என்று உடலின் தேவைக்குத் திருப்புவது பல நேரம் எடுபடும். நாலு பேர் சூழ்ந்து நாலு பேரும் பேசுவதுதான் பல மோதல்களைத் தொடங்கி வைக்கிறது.

பேச்சு பலிக்காதபோது ஊசி. இதில் தமிழ்நாட்டுக்கே சொந்தமான ஆதாரம் ஒன்று உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 200 நோயாளிகளிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வு, ஹாலோபெரிடாலும் புரோமெத்தசினும் சேர்ந்த ஊசியை லோராசெபாம் ஊசியோடு ஒப்பிட்டது. இரண்டுமே பயனளித்தன. முன்னதில் நோயாளிகள் விரைவாக அமைதியானார்கள். ஊசி போட்டதோடு வேலை முடிவதில்லை. முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை மூச்சு, நாடி, இரத்த அழுத்தம், விழிப்பு நிலை ஆகியவற்றைப் பார்த்து எழுத வேண்டும். கழுத்து ஒரு பக்கம் இழுப்பதோ கண் மேலே செருகுவதோ மருந்தின் பக்கவிளைவு. அதை நோயாளியின் நடிப்பு என்று ஒதுக்கிவிடும் ஆபத்து உண்டு.

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சங்கிலியால் கட்டுவதையும் தனியறையில் அடைப்பதையும் தடை செய்கிறது. உடனடியான தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு மட்டுமே கட்டிவைக்கலாம். காரணத்தையும் நேரத்தையும் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நோயாளி நியமித்த பிரதிநிதிக்குத் தெரிவிக்க வேண்டும். பணியாளர் பற்றாக்குறையைக் காரணமாகக் காட்ட முடியாது என்று சட்டம் தெளிவாகவே சொல்கிறது. இரவுப் பணியில் தனியாக நிற்கும் செவிலியருக்கு இந்த வரி கசப்பாக இருக்கும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்ததை நினைத்தால் அதன் தேவை புரியும்.

லித்தியத்தைக் கற்பித்தல்

மனநிலையை நிலைப்படுத்தும் மருந்துகளில் லித்தியம் மிகப் பழையது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் மேனியாவுக்கு இதன் பயனை வெளியிட்டார். பயன்படும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடையிலான தூரம் குறைவு. தொடர் சிகிச்சையில் இரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். மேனியாவின்போது இதைவிடச் சற்று உயர்ந்த அளவு தேவைப்படலாம். 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. இரத்தம் எடுக்கும் நேரம், கடைசி மாத்திரைக்குப் பிறகு 12 மணி நேரம். காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தவரிடம் எடுத்தால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். நம் நோயாளிக்குச் சிறுநீரகமும் தைராய்டும் பரிசோதித்தபின் நாளொன்றுக்கு 900 மில்லிகிராம் தொடங்கப்பட்டது. ஆறாம் நாள் அளவு 0.7.

சிறுநீரகம் லித்தியத்தை ஏறக்குறைய உப்பைப் போலவே நடத்துகிறது. உடலில் உப்போ நீரோ குறைந்தால் சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைக்கும், கூடவே லித்தியத்தையும் பிடித்துவைக்கும். இந்த ஒரு செய்தி புரிந்துவிட்டால் அறிவுரைகள் எல்லாம் தாமே விளங்கும். ஏகாதசி அன்று பழம், பால், தண்ணீரோடு விரதம் இருக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யலாம். தண்ணீரும் இல்லாத விரதம் வேண்டாம். பி.பி.க்காகத் திடீரென்று உப்பை நிறுத்தக் கூடாது. வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரையைத் தொடருவதா என்று அன்றே கேட்க வேண்டும். தினமும் மூன்று டம்ளர் காப்பி குடிப்பவர் ஒரே நாளில் விட்டுவிட்டாலும் லித்தியத்தின் அளவு ஏறும், ஏனென்றால் காப்பி அதைச் சிறுநீரில் கூடுதலாக வெளியேற்றுகிறது.

நம் கடைக்காரர் சித்திரை வெயிலில் முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கி ஒரு வாரம் விழுங்கினார். பூ தொடுக்கும் விரல்கள் நூலைப் பிடிக்க முடியாத அளவு நடுங்கின, வாந்தி வந்தது, நடை தள்ளாடியது. குடித்திருக்கிறார் என்றார்கள் பக்கத்துக் கடைக்காரர்கள். இரத்தத்தில் லித்தியம் 1.7. வலி மாத்திரையும் வெயிலும் சேர்ந்து செய்த வேலை அது. லித்தியத்தை நிறுத்தி, சலைன் ஏற்றி, அளவு இறங்கும்வரை மீண்டும் மீண்டும் பரிசோதித்தார்கள். லித்தியம் எடுப்பவர்களில் பலருக்கு விரலில் மெல்லிய நடுக்கம் இருக்கும், அது பெரிய கவலைக்குரியதல்ல. நடுக்கம் திடீரெனப் பெருத்து, குளறலும் தள்ளாட்டமும் சேர்ந்தால் உடனே மருத்துவமனை. சாதாரண வலிக்குப் பொதுவாகப் பாரசிட்டமால் போதும்.

மாத்திரையை விடுவதற்கான காரணங்கள் பெரும்பாலும் மறதி அல்ல. குணமாகிவிட்டது என்ற எண்ணம், தாகம், எடை கூடுதல், மேனியாவில் கிடைத்த வேகத்தின் ஏக்கம். நம் ஊரில் இன்னொன்று கல்யாணம்: மாத்திரைப் பட்டையைச் சம்பந்தி வீட்டார் பார்த்துவிடுவார்களோ என்று நிறுத்துகிறார்கள். திருமண வயதுப் பெண்களுக்கு வால்புரோயேட் கருவைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால் அதைத் தவிர்ப்பதும், கருத்தரிக்கும் முன்பே மருந்தை மாற்றுவதும் தேவை. இது திருமணப் பேச்சுக்கு முன்பே நடக்க வேண்டிய உரையாடல். "ஏன் நிறுத்தினீங்க?" என்று குற்றம்சாட்டும் தொனியில் கேட்டால் பொய்தான் கிடைக்கும். "போன வாரம் எத்தனை மாத்திரை விட்டுப்போச்சு?" என்று கேட்டால் எண்ணிச் சொல்வார்கள். விட்ட மாத்திரையை மறுநாள் இரட்டிப்பாக எடுக்கக் கூடாது. சட்னியில் பொடித்துக் கலந்து கொடுக்கும் குடும்பங்களும் உண்டு. தெரியவரும் நாளில் நோயாளி வீட்டுச் சாப்பாட்டையே சந்தேகிக்கத் தொடங்குவார்.

திருச்சிப் பகுதிக் குடும்பங்கள் குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்கி வழிபடுவதும் உண்டு. அதைத் தடுக்கச் செவிலியருக்கு எந்தக் காரணமும் இல்லை. மாத்திரைப் பையும் கூடவே போக வேண்டும் என்பதே நிபந்தனை. லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் அடுத்த சில வாரங்களிலேயே மேனியா திரும்பும் வாய்ப்பு கூடும்.

வீடு திரும்பும்போது நம் நோயாளியும் மனைவியும் சேர்ந்து ஒரு தாளில் எழுதினார்கள்: தொடர்ந்து இரண்டு இரவு 4 மணி நேரத்துக்குக் குறைவான தூக்கம், களைப்பு இல்லாமை, நள்ளிரவு ஆர்டர். இவை தெரிந்தால் அடுத்த ஓ.பி. நாளுக்குக் காத்திராமல் வர வேண்டும். மருத்துவமனைக்கு வர முடியாத நேரத்தில் ஆலோசனை கேட்க டெலி மனஸ் எண் 14416. மார்கழியில் இரவுக் கடையைத் தம்பி பார்த்துக்கொள்வதென்றும் அதே தாளில் முடிவானது.