பைபாஸ் அறுவையில் மார்புத் தமனியும் கால் சிரையும்

துன் மகாதீர் முகமது 1989 சனவரியில் கோலாலம்பூரில் பைபாஸ் அறுவை செய்துகொண்டார்; 2007 செப்டம்பரில், 82 வயதில், தேசிய இருதயக் கழகத்தில் மீண்டும் அதே அறுவைக்கு உட்பட்டார். மறு அறுவை முதல் அறுவையைவிடக் கடினமானது. மார்பெலும்பை மறுபடி பிளக்கும்போது, திசுக்கள் ஒட்டிப்போன அந்த இடத்தில் இன்னும் வேலை செய்யும் பழைய ஒட்டுக் குழாய் வெட்டுப்படக்கூடும். ஆகவே முதல் அறுவையிலேயே 10, 15 ஆண்டுகளுக்கு அப்பால் பார்த்துக் குழாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இதயத்தின் முன்பக்கத் தமனியோடு இணைக்கப்பட்ட இடது மார்புத் தமனி, 10 ஆண்டு கழித்தும் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்குத் திறந்தே இருக்கிறது. வழக்கமான முறையில் எடுத்த கால் சிரைகளில் அதே காலத்தில் பாதியளவு அடைபட்டுவிடுகின்றன. இந்த வேறுபாட்டின் வேர் குழாய்ச் சுவரில் இருக்கிறது. மார்புத் தமனியின் மீள்தகைப் படலம் இடைவெளி குறைந்தது. தசைச் செல்கள் உள்ளே நகர்ந்து பெருக அது எளிதில் இடம் தராது. உட்படலம் நைட்ரிக் ஆக்சைடை நிறையச் சுரந்து உறைவைத் தடுக்கிறது. பெரும்பாலும் மேல்முனையைத் துண்டிக்காமலே பயன்படுத்துவதால், தன் இயல்பான ஊற்றிலிருந்தே இரத்தம் பெறுகிறது. சிரையோ குறைந்த அழுத்தத்துக்கு அமைந்தது. அதைத் தமனியின் அழுத்தத்தில் திடீரென மாட்டினால் சுவர் தடித்துத்தான் தாங்க முடியும். முதல் மாதத்தில் அடைத்தால் பெரும்பாலும் உறைவு. ஓராண்டுக்குள் என்றால் உட்சுவர்த் தடிப்பு. அதற்குப் பின் கொழுப்புப் படிவு. காலிலிருந்து எடுக்கும்போது சுற்றுத் திசுவை உரித்து, திரவம் ஏற்றி ஊதிப் பார்ப்பதும் உட்படலத்தைச் சிதைக்கிறது. சுவீடனின் ஓரேப்ரோவில் அறுவை மருத்துவர் சூசாவின் குழுவினர் சுற்றுக் கொழுப்போடு, ஊதாமல் எடுத்த சிரைகள் 16 ஆண்டுக்குப் பின்னும் 80 விழுக்காட்டுக்கு மேல் திறந்திருந்தன. சிரையின் தோல்வியில் ஒரு பங்கு நம் கைப்பழக்கத்தின் விளைவு என்பதை இது காட்டுகிறது.

தமனி அவ்வளவு மேலானதென்றால், இரு மார்புத் தமனிகளையும் பயன்படுத்தியவர்கள் ஏன் கூடுதலாக வாழவில்லை என்று கேட்கலாம். 3,102 பேரை உள்ளடக்கி, ஒரு மார்புத் தமனியையும் இரண்டையும் ஒப்பிட்டு, 2019இல் 10 ஆண்டு முடிவை வெளியிட்ட ‘ஆர்ட்’ ஆய்வில் உயிர்பிழைப்பு வேறுபடவில்லை என்பது உண்மை. ஆனால் ஒரு மார்புத் தமனியாவது இரு பிரிவினருக்கும் வைக்கப்பட்டது; ஒதுக்கப்பட்ட முறையிலிருந்து விலகியவர்களும் பலர். ஆகவே அது ஐயப்படுவது இரண்டாம் தமனியின் கூடுதல் பயனை மட்டுமே. மேலும் இரு தமனிகளையும் எடுத்தால் மார்பெலும்புக்கு இரத்தம் குறைகிறது. நீரிழிவும் உடற்பருமனும் உள்ளவருக்குக் காயம் சீழ்பிடிக்கும் அபாயம் கூடுகிறது. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியர்களில் வயதுவந்தோருள் 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கையில், இதைப் புறந்தள்ள இயலாது. அடைப்பு மிதமானதாக இருந்தால் தமனியும் ஏமாற்றும்: சொந்தக் குழாயின் ஓட்டம் எதிர்த்து நிற்க, ஒட்டுத் தமனி சுருங்கி நூலாகிவிடும்.

பாரிட் புந்தாரிலிருந்து பினாங்குக்கு அனுப்பப்படும் 55 வயதுடைய, பருத்த நீரிழிவு நோயாளி ஒருவருக்கு மூன்று குழாய்களிலும் கடும் அடைப்பு இருப்பதாகக் கொள்வோம். முன்பக்கத் தமனிக்கு இடது மார்புத் தமனி. பக்கவாட்டுக் கிளைக்கு, கையின் இரத்தவோட்டம் சோதனையில் தேறினால், முன்கைத் தமனி. வலப்பக்கத்துக்கு ஊதாமல் எடுத்த கால் சிரை. அவசர அறுவையிலோ முதிய வயதிலோ சிரையைக் கூடுதலாக நம்புவது குற்றமன்று. ஆனால் தகுந்த காரணமின்றி முன்பக்கத் தமனிக்குச் சிரையை வைப்பதை ஏற்க முடியாது.