தமிழ்நாட்டிலிருந்து வரும் பட்டா நகல்: நான்கு கட்டங்களில் என்ன எழுதியிருக்கிறது?

மலேசியாவில் நிலப் பட்டா என்றால் கிராண்ட். நில அலுவலகப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்பது 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் அடிப்படை. தமிழ்நாட்டிலும் பட்டா என்றே சொல்கிறார்கள். ஆனால் அங்கே அது வருவாய்த் துறையின் கணக்கு. எந்த நிலத்துக்கு யார் தீர்வை கட்ட வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட பதிவு. உரிமைக்கு அது ஒரு வலுவான ஆதாரம்தான். ஆயினும் உரிமையை உண்டாக்குவது கிரயப் பத்திரமும் வாரிசுரிமையும்தான் என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன.

தாத்தா, பாட்டன் காலத்து நிலம் ஊரில் இருக்கும் குடும்பங்களுக்கு இந்த நகல் இப்போது வாட்ஸ்அப்பிலேயே வந்துவிடுகிறது. eservices.tn.gov.in தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது புல எண் கொடுத்து யாரும் எடுக்கலாம். நகலின் அடியில் ஒரு குறிப்பு எண் இருக்கும். அதை அதே தளத்தில் உள்ளிட்டால் கையில் இருப்பது உண்மையான நகலா என்று தெரிந்துவிடும். யாரோ அனுப்பிய படத்தை நம்பி அடுத்த வேலையில் இறங்குவதற்கு முன் இதைச் செய்துகொள்வது நல்லது.

தலைப்பில் மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம், பட்டா எண் இருக்கும். வருவாய்க் கிராமத்தின் பெயரும் குடும்பத்தில் சொல்லும் ஊர்ப் பெயரும் வேறாக இருக்கலாம். ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் பல சிற்றூர்கள் உண்டு. தேடிக் கிடைக்கவில்லை என்பவர்களில் பலர் சிற்றூர்ப் பெயரைத்தான் தேடியிருப்பார்கள்.

அடுத்து உரிமையாளர் பெயர். தகப்பனார் அல்லது கணவர் பெயர் முதலில் வரும், பிறகு மகன், மகள், மனைவி என்ற உறவு, அதன் பிறகே உரிமையாளரின் பெயர். அவசரமாகப் பார்த்தால் தகப்பனார் பெயரையே உரிமையாளர் என்று எடுத்துக்கொள்ள நேரும். பல பெயர்கள் வரிசையாக இருந்தால் அது கூட்டுப் பட்டா. யாருக்கு எவ்வளவு பங்கு, எந்தப் பக்கம் என்பதை இந்தத் தாள் சொல்லாது. நான்கு பெயர் இருப்பதால் ஆளுக்குக் கால் பங்கு என்று நினைத்துவிடக் கூடாது. காலமாகிவிட்ட தாத்தாவின் பெயரே இன்னும் இருக்கிறதென்றால், வாரிசுகள் பட்டா மாற்றத்துக்கு மனு கொடுக்கவில்லை என்றுதான் பொருள். நிலம் போய்விட்டது என்று அர்த்தமல்ல.

அதன் கீழே அட்டவணை. முதலில் புல எண்ணும் உட்பிரிவும், பிறகு புன்செய், நன்செய், மற்றவை என மூன்று பகுதிகளும் இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் பரப்பு ஒரு பக்கம், தீர்வை ஒரு பக்கம். தீர்வை ரூபாயிலும் பைசாவிலும் இருக்கும். சில ரூபாய்தான் வரும் என்பதால் அந்த எண்ணை ஏக்கர் என்று படித்துவிடுகிறவர்களும் உண்டு.

பெரிய சறுக்கல் பரப்பில்தான். அது ஏக்கரிலோ சென்டிலோ இருக்காது. ஹெக்டேர், ஏர் என்ற இரண்டு அளவுகளில் இருக்கும். நூறு ஏர் ஒரு ஹெக்டேர். ஓர் ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட், நூறு சென்ட் ஓர் ஏக்கர். நடுவில் உள்ள கோடு புள்ளியல்ல. கோட்டுக்கு முன் ஹெக்டேர், பின் ஏர்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்க்கலாம். குடும்பத்தில் உள்ள பழைய கிரயப் பத்திரத்தில் புல எண் 145/3, பரப்பு 3 ஏக்கர் 83 சென்ட் என்று இருக்கிறது. ஊரிலிருந்து வந்த நகலில் புல எண் 145, உட்பிரிவு 3A, புன்செய் பரப்பு 1 - 5.50. இதை 1.55 ஹெக்டேர் என்று படித்தால் 155 ஏர் ஆகிறது. 2.47ஆல் பெருக்கினால் 383 சென்ட். பத்திரத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது, குடும்பமும் நிம்மதியாகிவிடுகிறது.

ஆனால் சரியாகப் படித்தால் அது 1 ஹெக்டேர் 5.50 ஏர், அதாவது 105.5 ஏர். பெருக்கினால் 2 ஏக்கர் 61 சென்ட் கூட முழுதாக வரவில்லை. பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் 1 ஏக்கர் 22 சென்ட் இடிக்கிறது. அது எங்கே போனது என்பதற்கான தடயம் அதே தாளில் இருக்கிறது. பத்திரத்தில் வெறும் 3 ஆக இருந்தது இங்கே 3A ஆகியிருக்கிறது. 3A இருந்தால் 3B ஒன்று இருக்க வேண்டும். தளத்தில் பட்டா எண்ணுக்குப் பதிலாகப் புல எண்ணைக் கொடுத்து 145/3B என்று தேடினால் அதன் பட்டாவும் வரும். அதில் பரப்பு 0 - 49.50 என்றும் உரிமையாளர் வேறொருவர் என்றும் இருந்தால் விடுபட்ட நிலம் அதுவே. 105.5 ஏரும் 49.5 ஏரும் சேர்ந்தால் 155 ஏர்.

இதைக் கண்டவுடன் உறவினரைச் சந்தேகிக்கத் தேவையில்லை. தாத்தாவே அந்தப் பகுதியை விற்றிருக்கலாம். பதிவுத் துறையில் வில்லங்கச் சான்று கேட்டால் அந்தப் புல எண்ணில் பதிவான கிரயம், தானம், அடமானம் எல்லாம் வந்துவிடும். கேட்கும்போது பழைய எண் 145/3, புதிய எண்கள் 3A, 3B மூன்றையும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய பதிவுகள் தப்பிவிடும். கிரயம் எதுவும் பதிவாகவில்லை என்றால்தான் கேள்வி எழுகிறது. அப்போது நகலின் கடைசிக் கட்டமான குறிப்புரையைப் பார்க்க வேண்டும். அண்மைக் காலத்தில் பட்டா மாற்றம் நடந்திருந்தால் அதன் எண்ணும் தேதியும் அங்கே இருக்கும். அந்த எண்ணைக் காட்டி, எந்த ஆவணத்தின் பேரில் மாற்றினார்கள் என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்கலாம்.

குறிப்புரை காலியாக இருந்தால் மாற்றம் பழையதாக இருக்கலாம். 1980களில் தமிழ்நாடு முழுவதும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்களைத் திருத்தி எழுதினார்கள். ஊரில் யார் உழுதுகொண்டிருந்தாரோ அவர் பெயர் ஏறிவிட்டது, வெளிநாட்டில் இருந்தவர் பெயர் விடுபட்டுவிட்டது என்ற வழக்குகள் இன்றும் நடக்கின்றன. அந்தத் திட்டத்துக்கு முந்தைய பதிவின் நகலையும் கேட்டு வாங்கினால் எந்தக் கட்டத்தில் பெயர் மாறியது என்று பிடிபடும்.

கடைசியாக வகைப்பாடு. நன்செய், புன்செய் என்பது நிலவரித் திட்டத்தின்போது அந்த நிலத்துக்கு அரசின் ஏரி, கால்வாய்ப் பாசனம் இருந்ததா என்பதைப் பொறுத்தது. இன்று கிணறு வெட்டி நெல் விளைந்தாலும் பதிவில் புன்செய்தான். இந்த ஆண்டு என்ன பயிர் என்று தெரிய அடங்கல் என்ற வேறு பதிவைக் கேட்க வேண்டும். ஊருக்குள் இருக்கும் வீட்டு மனை பெரும்பாலும் நத்தம் கணக்கில் இருக்கும். அது இந்தத் தாளில் வராததால் பாட்டன் வீடு காணாமல் போய்விட்டதென்று பதற வேண்டாம். அரசுப் புறம்போக்கும் இதில் வராது, அதற்கு அ-பதிவேடு உண்டு.

மலேசியக் குடிமக்களுக்கு இந்தக் கட்டம் இன்னொரு வகையிலும் முக்கியம். இந்தியாவின் அந்நியச் செலாவணி விதிகளின்படி, வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக அடையலாம். அதை விற்பதென்றால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும். ஆகவே பக்கத்து நிலத்தையும் உங்கள் பெயரில் வாங்கிச் சேர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அதன் பட்டாவில் நன்செய், புன்செய் என்று இருக்கிறதா என்பதைப் பார்த்த பிறகே பதில் சொல்ல வேண்டும்.