பர்மாங்கனேட்டுத் தரம்பார்த்தல்

பர்மாங்கனேட்டுத் தரம்பார்த்தல் என்பது பொட்டாசியம் பர்மாங்கனேட்டுக் கரைசலைப் பியூரெட்டில் எடுத்து, அது எத்தனை மி.லி. செலவாகிறது என்பதைக் கொண்டு இன்னொரு கரைசலின் செறிவைக் காணும் பருமனறி பகுப்பாய்வு முறை. மேல்நிலைப் பள்ளி வேதியியல் செய்முறைத் தேர்வில் வழக்கமாகக் கேட்கப்படும் வடிவத்தில் மூன்று கரைசல்கள் இருக்கும். செறிவு தெரிந்த பெரஸ் அம்மோனியம் சல்பேட்டு (மோர் உப்பு) திட்டக் கரைசல். செறிவு தெரியாத ஆக்சாலிக் அமிலக் கரைசலில் எவ்வளவு அமிலம் கரைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே நிற்கும் பர்மாங்கனேட்டு இணைப்புக் கரைசல் எனப்படும்.

பர்மாங்கனேட்டை அப்படியே எடைபோட்டுத் திட்டக் கரைசலாக்க முடியாது. அதில் மாங்கனீசு டைஆக்சைடு மாசாகக் கலந்திருக்கும். வெளிச்சத்திலும் அது மெல்லச் சிதையும். அதனால்தான் முதலில் மோர் உப்புடன் அதைத் தரம்பார்க்கிறோம்.

20 மி.லி. மோர் உப்புக் கரைசலைப் பிப்பெட்டால் கூம்புக் குடுவையில் எடுத்து, ஏறத்தாழ அதே அளவு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, பியூரெட்டிலிருந்து பர்மாங்கனேட்டை விட வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தால் பர்மாங்கனேட்டு அதைக் குளோரினாக ஆக்சிஜனேற்றும், அளவு கூடிவிடும். நைட்ரிக் அமிலமோ தானே ஆக்சிஜனேற்றி. தனி நிறங்காட்டி தேவையில்லை. வினை முடிந்தபின் விழும் மிகுதித் துளியே கரைசலை வெளிர் இளஞ்சிவப்பாக்கும். அந்நிறம் அரை நிமிடமாவது நிலைத்தால் அதுவே முடிவுநிலை. அடர்ந்த நிறத்தில் நீர்மட்ட வளைவின் அடிப்பகுதி தெரியாது என்பதால் பியூரெட்டை மேல்விளிம்பில் படிக்கிறோம்.

மோர் உப்பின் நார்மாலிட்டி 0.1010 எனக் கொண்டால் முதல் அட்டவணை இப்படி அமையலாம்:

| எண் | மோர் உப்பு (மி.லி.) | தொடக்கம் | இறுதி | செலவான பர்மாங்கனேட்டு (மி.லி.) |
|---|---|---|---|---|
| 1 | 20 | 0.0 | 20.4 | 20.4 |
| 2 | 20 | 0.0 | 20.2 | 20.2 |
| 3 | 20 | 0.0 | 20.2 | 20.2 |

முதல் வரி உத்தேசப் பார்வை. ஒத்துவந்த 20.2 தான் கணக்குக்கு உரியது. பர்மாங்கனேட்டின் நார்மாலிட்டி = 20 × 0.1010 ÷ 20.2 = 0.1000.

அடுத்தது ஆக்சாலிக் அமிலம். இதிலும் 20 மி.லி. எடுத்துக் கந்தக அமிலம் சேர்த்து, 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கியே தொடங்க வேண்டும். குளிர்ந்த நிலையில் முதல் துளிகளின் நிறம் மறையாமல் அப்படியே நிற்கும். அதை முடிவுநிலை என்று நம்பி எழுதுபவர்கள் உண்டு. வினையில் உண்டாகும் மாங்கனசு அயனியே வினையூக்கியாவதால், சிறிது உண்டான பிறகு நிறம் சட்டென்று மறையத் தொடங்கும். கொதிக்கவிட்டால் ஆக்சாலிக் அமிலம் சிதைந்து அளவு குறையும். மோர் உப்பையோ சூடாக்கவே கூடாது. அதிலுள்ள பெரஸ் அயனியைக் காற்றே ஆக்சிஜனேற்றிவிடும். குடுவையில் பழுப்பு நிறம் கண்டால் கந்தக அமிலம் போதவில்லை, அல்லது பர்மாங்கனேட்டை வேகமாக விட்டாகிவிட்டது. அந்தக் குடுவையைக் கொட்டிவிட்டு மறுபடி எடுப்பதே நல்லது.

2KMnO₄ + 3H₂SO₄ + 5H₂C₂O₄ → K₂SO₄ + 2MnSO₄ + 10CO₂ + 8H₂O

இம்முறை 21.4 மி.லி. செலவானதாகக் கொள்வோம். ஆக்சாலிக் அமிலத்தின் நார்மாலிட்டி = 21.4 × 0.1000 ÷ 20 = 0.1070. இரண்டு நீர் மூலக்கூறுகளுடன் கூடிய ஆக்சாலிக் அமிலத்தின் சமான எடை 126 ÷ 2 = 63. எனவே 500 மி.லி. கரைசலில் உள்ள அமிலம் 0.1070 × 63 ÷ 2 = 3.3705 கிராம்.

இரண்டு கணக்கையும் சேர்த்தெழுதினால் 0.1010 × 21.4 ÷ 20.2 என்று சுருங்கும். பர்மாங்கனேட்டின் செறிவே அதில் இல்லை. வாய்மொழித் தேர்வில் 'இணைப்புக் கரைசல் எதற்கு' என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடையாது. அதன் செறிவு எதுவாக இருந்தாலும் சரி, இரண்டு தரம்பார்த்தலிலும் ஒன்றாக இருந்தால் போதும். ஒரே பிப்பெட்டைப் பயன்படுத்தினால் அதன் கொள்ளளவுப் பிழையும் அடிபட்டுப்போகும். நடுவில் பியூரெட்டைத் தண்ணீரால் கழுவி, பர்மாங்கனேட்டால் அலசாமல் நிரப்பினால்தான் சிக்கல்: செறிவு குறைந்து, ஆக்சாலிக் அமிலம் இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும். கூம்புக் குடுவையையோ தண்ணீரால் மட்டும் கழுவ வேண்டும். கரைசலால் அலசினால் உள்ளே ஒட்டியதும் கணக்கில் சேரும்.

முடிவுநிலையைத் தாண்டும் பிழை இப்படி அடிபடாது. முதல் தரம்பார்த்தலில் மட்டும் 0.2 மி.லி. கூடுதலாக விட்டு 20.4 என்று எழுதினால் விடை 3.337 கிராமாகக் குறையும்; பிழை ஏறத்தாழ 1 விழுக்காடு.