பிராட்பேண்ட் இறுதிக் கட்டணச் சீட்டு

வீடு மாறும்போது பிராட்பேண்ட் இணைப்பைத் துண்டிக்கும் வாடிக்கையாளருக்கு நிறுவனம் கடைசியாக அனுப்பும் கணக்கு. இந்தியாவில் மாத வாடகை முறையிலான இணைப்புகளில், கடைசி மாதத்துக்குப் பயன்படுத்திய நாள்களுக்கு மட்டும் வாடகை கணக்கிட்டு, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து, வைப்புத்தொகையில் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவது வழக்கம்.

மாத வாடகை 900 ரூபாய், வைப்புத்தொகை 1,000 ரூபாய் என்று கொள்வோம். ஜூன் 12ஆம் தேதியோடு இணைப்பு முடிந்தால், 30 நாளில் 12 நாள் வாடகை 360 ரூபாய். வரி 64.80. மொத்தம் 424.80 போக, திரும்ப வரவேண்டியது 575.20 ரூபாய். வாடகையை முன்கூட்டியே வசூலிக்கும் திட்டமானால் கணக்கு மாறும்: ஜூன் மாதத்துக்கு வரியோடு 1,062 ரூபாய் ஏற்கெனவே கட்டியிருப்பதால், மிஞ்சும் 637.20 ரூபாயும் முழு வைப்புத்தொகையும் சேர்ந்து வரவேண்டும். இதில் அந்த 637.20 ரூபாய்தான் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

தகராறு பெரும்பாலும் தேதியில்தான் எழும். விண்ணப்பித்த நாளா, மோடத்தை ஒப்படைத்த நாளா என்பதைப் பொறுத்து வாடகை நாள்கள் மாறும். விண்ணப்ப எண்ணும் மோடம் ஒப்படைப்பு ரசீதும் இல்லாவிட்டால், கருவியின் விலையும் வைப்புத்தொகையில் பிடிக்கப்படலாம். வைப்புத்தொகையைத் திருப்பித் தர டிராய் தன் 2006ஆம் ஆண்டு பிராட்பேண்ட் விதிமுறைகளில் 60 நாள் வரம்பு வைத்தது.