போலி பிரேக்அவுட்

பங்குவிலை ஒரு தடைநிலையைத் தாண்டி, அங்கே நிலைக்காமல் மீண்டும் கீழே திரும்புவது. நிஃப்டிக்கு 23,000 அப்படியொரு தடைநிலையாக இருந்தது. 2024 மே 24 அன்று முதன்முறையாக அதைத் தொட்டுக் கடந்தது. மே 27 அன்று 23,110 வரை ஏறியது. இரு நாளும் 23,000-க்குக் கீழேயே முடிந்தது.

முன்பே விற்றுவைத்தவர்கள் தங்கள் ஸ்டாப் லாஸை இத்தகைய முழு எண்ணுக்குச் சற்று மேலே வைப்பது வழக்கம். பெங்களூருவின் ஸெரோதா போன்ற தரகர்களின் செயலியில் SL ஆர்டருக்குத் தரும் தூண்டுவிலையை விலை தொட்டதும், அது வாங்கும் ஆர்டராகச் சந்தைக்குப் போகிறது. இவை தீர்ந்தபின் புதிதாக வாங்குவோர் இல்லையென்றால் விலை சரியும். இதுவே ஸ்டாப் வேட்டை. பின்னால் யாரேனும் திட்டமிட்டிருக்க வேண்டும் என்பதில்லை.

ஆகவே அனுபவசாலிகள் ரீடெஸ்டுக்குக் காத்திருப்பார்கள்: நாள்முடிவு தடைக்கு மேலே அமைந்து, பிறகு விலை அந்நிலைக்கே இறங்கி, அதை உடைக்காமல் எழும்பினால்தான் வாங்குவார்கள். மே மாத ஏற்றங்கள் முதல் நிபந்தனையிலேயே தோற்றன. ஆனால் ஜூன் 3 அன்று நிஃப்டி 23,000-க்கு அருகே வரை இறங்கி, அதற்கு மேலேயே முடிந்தது; நாள்முடிவுக்கு முன்பே வந்த இந்த இறக்கத்தைச் சிலர் ரீடெஸ்டாக எடுத்திருக்கலாம். மறுநாள் மக்களவைத் தேர்தல் முடிவு வந்தபோது 21,884-க்குச் சரிந்தது. ரீடெஸ்ட் செய்தியதிர்ச்சியைத் தடுக்காது. அதற்கு ஸ்டாப் லாஸ் தனியாக வேண்டும்.